பக்கத்து மனையில் பள்ளம், நம் வீட்டில் விரிசல்: நிலத்தின் தாங்குரிமையைக் காத்துக்கொள்ளும் முறை

பக்கத்து மனையில் ஜேசிபி இறங்கிய சில நாள்களில் நம் படுக்கையறைச் சுவரில் சாய்வான கோடு ஒன்று விழுந்தால், பெரும்பாலானோர் முதலில் கேட்பது "அவர் தன் இடத்தில்தானே தோண்டுகிறார், அதை நாம் தடுக்க முடியுமா?" என்பதே. தன் மனையில் தோண்டும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் நம் மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த மண்ணை, மாற்றுத் தாங்கல் எதுவும் கொடுக்காமல் எடுத்துவிடும் உரிமை அவருக்கு இல்லை. இதைத்தான் தாங்குரிமை என்கிறோம். தமிழ்நாட்டில் இதற்கு ஆதாரமாக இருப்பது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். வக்கீல் அலுவலகங்களில் இதை ஈஸ்மெண்ட் சட்டம் என்றே சொல்வார்கள்.

இந்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவினை உண்டு. நம் மண்ணுக்கு உள்ள உரிமை வேறு. அந்த மண்ணின்மேல் நாம் ஏற்றி வைத்திருக்கும் வீட்டின் எடைக்கு உள்ள உரிமை வேறு. எந்த உரிமையின்கீழ் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே நாம் திரட்ட வேண்டிய சான்றுகளும் அமையும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் ஒரே எடுத்துக்காட்டு தொடர்ந்து வருகிறது: திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான கடற்கரைப் பகுதியில் 1996-இல் கட்டிய வீடு, 2012-இல் ஏற்றிய முதல் மாடி, அஸ்திவார ஆழம் நான்கு அடி, எல்லைக்கும் வீட்டுச் சுவருக்கும் இடைவெளி ஐந்து அடி. 2025-இல் பக்கத்து மனையில் கார் நிறுத்துவதற்காகப் பன்னிரண்டு அடி ஆழத்தில் தரைக்கீழ்த் தளம் தோண்டுகிறார்கள். பள்ளத்தின் விளிம்பு எல்லையிலிருந்து மூன்று அடி தள்ளி இருக்கிறது. வீடு, ஆள்கள், எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை.

படி 1: தோண்டுவதற்கு முன்பே வீட்டின் நிலையைப் பதிவு செய்தல்

பழைய கட்டடத்தை இடிக்கத் தொடங்கும்போதே நாம் விழித்துக்கொள்ள வேண்டும். விரிசல் வழக்குகளில் எதிர்த்தரப்பு சொல்லும் முதல் வாதம் "அந்த விரிசல் முன்பே இருந்தது" என்பதாகவே இருக்கும். பல வீடுகளில் அது ஓரளவு உண்மையாகவும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு அறையின் நான்கு சுவர்கள், உத்தரம், கூரையின் அடிப்பகுதி, தரை, காம்பவுண்டு சுவர், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் ஆகியவற்றை வரிசையாகப் படமெடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள விரிசலை மறைக்காமல், அதன் அருகில் அளவுகோலை வைத்துத் தனியாகப் படமெடுப்பது நல்லது. பழைய விரிசலை நாமே காட்டியிருந்தால், புதியதைப் பற்றி நாம் சொல்வதை நம்ப வைப்பது எளிது. அந்தப் படங்களை அன்றைக்கே மின்னஞ்சலில் மனை உரிமையாளருக்கோ கட்டுநருக்கோ அனுப்பிவிட்டால் தேதியைப் பற்றிப் பின்னால் தகராறு எழாது.

அதே கடிதத்தில் நான்கு விவரங்களைக் கேளுங்கள்: பள்ளத்தின் ஆழம், எல்லையிலிருந்து அதன் தூரம், பக்கவாட்டு மண்ணைத் தாங்க என்ன ஏற்பாடு, நிலத்தடி நீரை எப்படி வெளியேற்றப் போகிறார்கள். பொறுப்பான கட்டுநர் இரு வீட்டாரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து பார்வையிட்டுக் கையெழுத்திட்ட நிலைப்பதிவு ஒன்றைத் தாமே தயாரித்துத் தருவார். அதில் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. அதற்கு மாறாக, "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று மட்டும் எழுதிய ஒற்றைப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். ஆழமும் தாங்கல் முறையும் குறிப்பிடாத சம்மதக் கடிதம் பின்னாளில் நமக்கு எதிராகவே வாசிக்கப்படும்.

படி 2: ஆபத்து உண்டா என்று நாடாவைப் பிடித்து அளந்து பார்த்தல்

அஸ்திவாரத்தின் எடை நேர்கீழே மட்டும் இறங்குவதில்லை. கீழே போகப் போகப் பக்கவாட்டிலும் விரிகிறது. அப்படி விரியும் பகுதிக்குள் பள்ளம் புகுந்தால் அஸ்திவாரம் தன் தாங்கலை இழக்கிறது. அருகருகே வெவ்வேறு ஆழத்தில் அமையும் அஸ்திவாரங்களுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1904 ஒரு விகிதத்தைச் சொல்கிறது: மணற்பாங்கான மண்ணில், மேலே உள்ள அஸ்திவாரத்தின் அடிப்பகுதியையும் கீழே உள்ளதன் அடிப்பகுதியையும் இணைக்கும் கோடு, இரண்டு அடி கிடைக்கு ஓர் அடி செங்குத்து என்ற சாய்வைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. இந்த விகிதத்தைப் பள்ளத்துக்கும் ஒரு முன்னெச்சரிக்கை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

நம் எடுத்துக்காட்டில் பள்ளம் பன்னிரண்டு அடி, அஸ்திவாரம் நான்கு அடி. ஆழ வேறுபாடு எட்டு அடி. விகிதப்படி பதினாறு அடி தூரம் வேண்டும். இருப்பதோ ஐந்தும் மூன்றும் சேர்ந்து எட்டு அடிதான். இதனால் தோண்டவே கூடாது என்று முடிவு கட்டிவிட முடியாது. திறந்த பள்ளமாகத் தோண்டக் கூடாது என்பதே இதன் பொருள்: தோண்டுவதற்கு முன்பே எல்லையோரம் அடுத்தடுத்துப் பைல்கள் எனப்படும் ஆழமான கான்கிரீட் தூண்களை இறக்கியோ, இரும்புத் தகடுகளை அறைந்தோ, பக்கத்து மண்ணுக்கு ஒரு சுவர் எழுப்பியிருக்க வேண்டும். தோண்டும் பணிக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பான ஐ.எஸ். 3764, ஒன்றரை மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஐந்து அடிக்கு மேல் ஆழமாகும் மண் பள்ளங்களுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. நம் பள்ளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கடற்கரை மணலில் ஒரு ஏமாற்றம் உண்டு. ஈரமான மணல் வெட்டியவுடன் சுவர்போல் செங்குத்தாக நிற்கும்; அதைக் காட்டி "பாருங்கள் சார், கெட்டி மண்" என்று மேஸ்திரி சொல்வார். அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது துகள்களுக்கு நடுவே உள்ள ஈரத்தின் இழுவிசைதான். வெயிலில் ஈரம் காய்ந்தாலும் சரி, மழையில் அதிகமாக நனைந்தாலும் சரி, அந்தப் பிடிப்பு போய்விடும். அண்ணாநகர், பெரம்பூர் போன்ற களிமண் பகுதிகளில் இதற்கு நேர்மாறாக, பள்ளம் சில வாரங்கள் அசையாமல் நின்றுவிட்டுப் பிறகு மெதுவாக உள்ளே தள்ளத் தொடங்கும். அங்கே விரிசலும் தாமதமாகவே தெரியும்.

படி 3: எந்த உரிமையின்கீழ் நிற்கிறோம் என்று தெளிதல்

சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இயல்பான நிலையில் உள்ள நிலம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்து மண்ணும் அடிமண்ணும் இயற்கையாகத் தரும் தாங்கலுக்கு உரிமை உண்டு என்கிறது. இந்த உரிமைக்கு ஆண்டுக் கணக்குக் கிடையாது. பத்திரத்தில் எழுதியிருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் "இயல்பான நிலை" என்பதற்கு அதே பிரிவு ஒரு விளக்கம் தருகிறது: தோண்டப்படாததும், செயற்கையான பாரம் ஏற்றப்படாததுமான நிலம். வீடு என்பது செயற்கையான பாரம். ஆகவே வீட்டின் எடைக்கு இந்த இயற்கை உரிமை நேரடியாகப் பொருந்தாது.

வீட்டுக்கான உரிமை 15-ஆம் பிரிவில் வருகிறது. பாரம் ஏற்றிய நிலமோ அதன்மேல் உள்ள கட்டடமோ பக்கத்து நிலத்தின் தாங்கலை, அமைதியாகவும் இடையறாமலும் உரிமையாக, இருபது ஆண்டுகள் பெற்று வந்திருந்தால், அந்த உரிமை முழுமையாகிவிடுகிறது. இங்கிலாந்தில் ஒரு வீட்டை வண்டித் தொழிற்சாலையாக மாற்றி இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் பக்கத்தில் தோண்டியதால் அது சரிந்த வழக்கில், 1881-இல் அந்நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதே இருபது ஆண்டுக் கணக்கை ஏற்றது. டால்ட்டன் எதிர் ஆங்கஸ் என்ற அந்தத் தீர்ப்பு இந்தப் பொருளில் அடிப்படையான ஒன்று.

நம் எடுத்துக்காட்டில் தரைத்தளத்துக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குக் கவலை இல்லை. 2012-இல் ஏற்றிய மாடிக்குப் பதின்மூன்று ஆண்டுகளே ஆகின்றன. அந்தக் கூடுதல் எடையால்தான் வீடு இறங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். அப்போது விடை சொல்ல வேண்டியவர் பொறியாளர். இந்தப் பள்ளத்துக்கு நம் மண், வீடே இல்லாதிருந்தாலும் சரிந்திருக்குமா? சரிந்திருக்கும் என்று மண் பரிசோதனையும் கணக்கும் காட்டினால், மண்ணின் இயற்கை உரிமையே மீறப்பட்டதாகிறது. அதன் விளைவாக வீட்டுக்கு நேர்ந்த சேதத்தையும் சேர்த்துக் கேட்கலாம். ஐந்து ஆண்டுகளே ஆன புதுவீட்டுக்காரருக்கும் இந்த வழி உண்டு. இதனுடன், போதிய கவனமின்றித் தோண்டினார் என்ற கவனக்குறைவுக் குற்றச்சாட்டையும் தனிக் காரணமாகச் சேர்ப்பதே வழக்கம்.

இரண்டு துணைச் செய்திகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரு மனைகளும் ஒரு காலத்தில் ஒரே குடும்பச் சொத்தாக இருந்து பாகப்பிரிவினையிலோ விற்பனையிலோ பிரிந்திருந்தால், 13-ஆம் பிரிவின்கீழ் தாங்கலுக்கான உரிமை பிரிவினையோடு சேர்ந்தே வந்திருக்கலாம். இருபது ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. மாறாக, நம் மனை குட்டையைத் தூர்த்து நிரப்பிய இடம் என்றால், அந்த நிரப்பு மண்ணை இயல்பான நிலம் என்று சொல்வது கடினம். பழைய பத்திரங்களையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

வீட்டின் வயதைக் காட்டக் கட்டட வரைபட அனுமதி, சொத்துவரி ரசீது, மின் இணைப்பு பெற்ற ஆவணம் ஆகிய மூன்றில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

படி 4: விரிசல் விழுந்தால் அதைப் படித்தல்

எல்லா விரிசலும் பள்ளத்தால் வருவதில்லை. பூச்சில் வலைபோலப் பரவும் மயிர்க்கோடுகள் பூச்சு சுருங்கியதால் வருபவை. மொட்டைமாடித் தளத்துக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. அஸ்திவாரம் ஒருபக்கம் இறங்கியதால் வரும் விரிசல் வேறு மாதிரி இருக்கும்: ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும், செங்கல் இணைப்புகளைப் பற்றிப் படிக்கட்டுபோல் ஏறும், மேல்நுனி பெரும்பாலும் இறங்கும் பக்கம், அதாவது பள்ளத்தின் பக்கம், சாய்ந்திருக்கும், கீழே மெல்லியதாகவும் மேலே அகலமாகவும் காணும். அதே நாள்களில் அந்தப் பக்கத்துக் கதவு நிலையில் சிக்கும், தரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கோடு பிரியும். பள்ளத்துக்கு எதிர்ப்புறமுள்ள அறைகளில் ஒன்றும் இல்லாதிருப்பதும் ஒரு வலுவான சான்றே. அந்தப் படங்களையும் எடுத்து வையுங்கள்.

விரிசல் வளர்கிறதா என்று காட்டுவதற்கு ஒரு ரூபாய்க்கும் பெறாத கருவி போதும். பூச்சைச் சுரண்டிச் செங்கல் தெரியும்படி செய்து, விரிசலுக்குக் குறுக்காக ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு நுனிகளையும் சிமெண்டுப் பசையால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினால் அது எவ்வளவு நீண்டது என்பதும் தெரியும். நம் எடுத்துக்காட்டில் ஜூன் 3 அன்று அரை மில்லிமீட்டராக இருந்தது, ஜூன் 12 அன்று மூன்று மில்லிமீட்டராகிறது. அந்த ஒன்பது நாள்களில் பள்ளம் ஏழு அடியிலிருந்து பன்னிரண்டு அடிக்கு இறங்கியிருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதினால், காரணத்தை மறுப்பது கடினமாகும். பொறியாளர்கள் பொதுவாக ஐந்து மில்லிமீட்டர்வரை உள்ளதை லேசான சேதமாகவும், ஐந்து முதல் பதினைந்துவரை நடுத்தரமாகவும், அதற்கு மேலானதைக் கடுமையானதாகவும் வகைப்படுத்துவார்கள். எனினும் இன்றைய அகலத்தைவிட அது வளரும் வேகமே நமக்கு முக்கியம்.

அடுத்ததாகப் பம்பு தண்ணீர். இதைப் பலர் பார்க்கத் தவறுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தன் நிலத்தடியில் குறிப்பிட்ட தடமின்றிக் கசியும் நீரை எடுத்துக்கொள்ள ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் 7-ஆம் பிரிவே உரிமை தருகிறது. வெறும் நீர் வற்றியதால் பக்கத்து நிலம் இறங்கினால் அதற்கு இழப்பீடு இல்லை என்று 1869-இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 1899-இல், பம்பு இழுத்தது நீரை மட்டுமல்ல, நீரோடு ஓடும் வண்டல் மணலையும்தான் என்று நிறுவப்பட்ட வழக்கில், மண்ணின் தாங்கல் அகற்றப்பட்டதாகக் கருதித் தீர்ப்பு வந்தது. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தாவிட்டாலும், வாதங்கள் இந்த வழியில்தான் ஓடும். ஆகவே பம்பின் குழாய் தெருவில் கொட்டும் இடத்தில் ஒரு வாளியைப் பிடியுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்து மேல்நீரை இறுத்துப் பாருங்கள். அடியில் மணல் படிந்திருந்தால், அது உங்கள் வீட்டு அடியிலிருந்தும் வந்திருக்கக்கூடும். நாள்தோறும் ஒரே வாளியில் பிடித்து, படிந்த மணலின் உயரத்தை அளவுகோலோடு படமெடுத்து வையுங்கள்.

படி 5: அந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை

விரிசல் வளர்கிறது என்று கண்டதும் அந்தப் பக்கத்து அறைகளில் படுப்பதை நிறுத்தி, கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டுமா என்பதை அவரே சொல்ல வேண்டும். மேஸ்திரியின் கணிப்பு இங்கே போதாது. அதே நாளில் மனை உரிமையாளர், கட்டுநர், ஒப்பந்தக்காரர் மூவருக்கும் பதிவு சேர்த்த விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஆட்சேபணை அனுப்ப வேண்டும். "ஒப்பந்தக்காரர்தான் தோண்டினார், எனக்குத் தெரியாது" என்று உரிமையாளர் சொல்வது செல்லாது என்பது இங்கிலாந்தில் 1876-இல் வந்த போவர் எதிர் பீட் தீர்ப்பிலிருந்தே நிலைபெற்ற கொள்கை. ஆபத்தான வேலையைச் செய்யச் சொன்னவர் தடுப்பு ஏற்பாட்டுக்கும் பொறுப்பு. கட்டட அனுமதி கொடுத்த உள்ளாட்சி அமைப்புக்கும் திட்டக் குழுமத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்; அனுமதி வரைபடத்தில் தரைக்கீழ்த் தளமே இல்லாதிருப்பதும் உண்டு.

எழுத்தில் ஆட்சேபிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தடங்கலை அறிந்தும் ஓராண்டு வாளாவிருந்தால் நம் இருபது ஆண்டுக் கணக்கு அறுபட்டதாக வாதிட 15-ஆம் பிரிவு இடம் தருகிறது. மேலும் அந்த இருபது ஆண்டு, வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவதாக இருக்க வேண்டும். இழப்பீட்டுக்குப் பொதுவாக மூன்றாண்டு காலவரம்பு என்று எண்ணி நிதானமாக இருப்பவர்கள் இந்த இரண்டாண்டுக் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

நம் வீட்டுக் காப்பீட்டை அதிகம் நம்ப வேண்டாம். நிலம் இறங்குவதற்குக் காப்பீடு தரும் பாலிசிகள் பலவும், கட்டுமானத்தாலோ தோண்டுவதாலோ அது நேர்ந்தால் விலக்கிவிடுகின்றன. கட்டுநரின் பாலிசியிலும் தாங்கல் பலவீனமாவதற்கான காப்பைத் தனியே சேர்த்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் கட்டடம் முழுதாகவோ பகுதியாகவோ சரிந்தால்தான் தருவது வழக்கம், விரிசலுக்குத் தருவதில்லை.

படி 6: நீதிமன்றத்தில் எதைக் கேட்பது

சட்டத்தில் இங்கே ஓர் இக்கட்டு இருக்கிறது. தாங்கலை அகற்றியதற்காக மட்டும் இழப்பீடு கேட்க முடியாது, கணிசமான சேதம் நேர்ந்த பிறகே கேட்கலாம் என்கிறது 34-ஆம் பிரிவு. சேதத்துக்கு முன்பே தடையுத்தரவு கேட்டால், அந்தச் செயல் நடந்தால் நம் உரிமை தவறாமல் பாதிக்கப்படும் என்று காட்ட வேண்டும் என்கிறது 35-ஆம் பிரிவு. "பாதிக்கப்படலாம்" என்ற அச்சம் போதாது. அந்த இடைவெளியை நிரப்புவது படி 2-இல் அளந்த கணக்கை ஒரு பொறியாளர் தம் கையெழுத்தோடு தரும் அறிக்கைதான்.

வழக்கு, அதன் மதிப்பைப் பொறுத்துச் சென்னையில் நகர உரிமையியல் நீதிமன்றத்திலும் மாவட்டங்களில் உரிய உரிமையியல் நீதிமன்றத்திலும் தாக்கலாகும். அதனுடன் இரண்டு மனுக்கள் போக வேண்டும்: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39-இன்கீழ் இடைக்காலத் தடைக்கு ஒன்று, ஆணை 26, விதி 9-இன்கீழ் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து இடத்தைப் பார்வையிடச் செய்ய ஒன்று. இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. பள்ளம் பத்து நாளில் கான்கிரீட்டால் மூடப்பட்டுவிடும். மூடிய பிறகு முட்டுக் கொடுத்தார்களா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. ஆணையருடன் ஒரு பொறியாளரும் செல்ல வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள்.

தடையில் என்ன கேட்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். கோபத்தில் "எல்லா வேலையையும் நிறுத்துங்கள்" என்று கேட்டு, அதைப் பெற்றும் விடுகிறவர்கள் உண்டு. ஆகஸ்டில் தடை கிடைக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. பன்னிரண்டு அடிப் பள்ளம் தாங்கலே இல்லாமல் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. அரைகுறையாகத் திறந்து கிடக்கும் பள்ளம், முடிந்த தரைக்கீழ்த் தளத்தைவிட ஆபத்தானது. கட்டி முடிந்த சுவராவது நம் மண்ணைத் தாங்கும். ஆகவே மேற்கொண்டு ஆழமாக்குவதற்கும் தாங்கலின்றி மண் எடுப்பதற்கும் தடை; எல்லையோரம் மணல் மூட்டை அடுக்கியோ மண்ணைச் சரிவாகத் திரும்பக் கொட்டியோ உடனடியாகத் தாங்கல் கொடுக்கவும், பொறியாளர் ஏற்கும் முறையில் தடுப்புச் சுவர் கட்டவும் உத்தரவு என்று பிரித்துக் கேட்பதே நம் வீட்டுக்கு நல்லது.

படி 7: இழப்பீடும் உடன்பாடும்

பெரும்பாலான விவகாரங்கள் ஆணையர் அறிக்கை வந்ததும் பேச்சுவார்த்தைக்கு வந்துவிடும். பழுதுபார்க்கும் செலவு, அஸ்திவாரத்தை அடியிலிருந்து வலுப்படுத்தும் செலவு, அந்தக் காலத்து மாற்றுவீட்டு வாடகை, பொறியாளர் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாக மதிப்பிட்டு வைத்திருங்கள். உடன்பாட்டுப் பத்திரத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி வந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். ஒரே பள்ளத்தால் பின்னாளில் நிலம் மீண்டும் இறங்கினால் அது புதிய வழக்குக் காரணம் என்பது 1886-இல் இங்கிலாந்தின் ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கில் நிறுவப்பட்டது. அந்த உரிமையை ஒரு வரியில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கட்டுநர் அவசர அவசரமாக ஆள் அனுப்பி விரிசலை அடைத்து வெள்ளையடித்துத் தர முன்வந்தால், பணிவாக மறுத்துவிடுங்கள். அசைவு நிற்காத சுவரில் பூசிய பூச்சு அதே இடத்தில் மீண்டும் பிளக்கும். அதற்குள் சான்றும் மறைந்திருக்கும். தரைக்கீழ்ச் சுவர் கட்டி முடிந்து, பக்கவாட்டு இடைவெளியில் மண் நிரப்பிக் கெட்டித்து, பம்பை நிறுத்திய பிறகு புதிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டுங்கள். ஒரு முழு மழைக்காலத்தை அவை உடையாமல் கடந்தால், ஜனவரியில் கொத்தனாரை வரச் சொல்லலாம்.